25 நிமிட உரைக்குள் 12 நிமிட உரை: ஒரு வாய்மொழித் தேர்வின் பாடம்

முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வுக்கு முன், துறையில் ஒரு முன்னோட்ட அமர்வு நடந்தது. பேச 25 நிமிடம் என்றார்கள். எனக்கு முன்னால் பேசியவர் தன் நேரத்தைத் தாண்டி வெகுநேரம் பேசினார். நான் எழுந்து போனதும் அமர்வை நடத்தியவர், "பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள், தம்பி. உணவுக்கு முன் இன்னொருவர் இருக்கிறார்" என்றார்.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வேகமாகப் பேசினேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரிப் பராமரிப்பு என்பது என் தலைப்பு. அறிமுகமும் முன்னாய்வுகளும் முடிவதற்குள்ளேயே ஏழு நிமிடம் போய்விட்டது. பதற்றத்தில் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, ஒப்பீட்டுப் பகுதிக்குத் தாவினேன். அங்கே என் தாளில் "முன்பு கண்ட அந்த ஓடத்தைப் போலவே" என்று எழுதியிருந்தது. அப்படியே படித்தேன். முன்வரிசையில் இருந்த பேராசிரியர், "எந்த ஓடம், தம்பி?" என்றார். ஏரியில் தூர் வார ஓடம் விட்டதையும் அதற்குக் கொடை வைத்ததையும் சொல்லும் பகுதி, நான் புரட்டித் தள்ளிய தாள்களில் இருந்தது. அரங்கம் சிரித்தது. என் சொந்த முடிவுகளைச் சொல்ல ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை.

அடுத்த மூன்று வாரங்களில் உரையை முதலிலிருந்து எழுதினேன். இந்த முறை குறுகிய உரையை முதலில் எழுதினேன். நீண்ட உரையை எழுதி முடித்துவிட்டு அதில் வெட்டப் போனால் கை வராது, ஒவ்வொரு பத்தியும் இன்றியமையாததாகத் தெரியும். 12 நிமிடத்துக்கு எழுதி, அது தானாக நிற்கிறதா என்று பார்த்தபின் அதன்மேல் ஏற்றிக்கொண்டு போவது எளிது. கறுப்பு மையில் அச்சிட்டது தண்டு, எந்நிலையிலும் பேச வேண்டியது. நீல மையில் அச்சிட்டவை கிளைகள், நேரமிருந்தால் பேச வேண்டியவை. முதலில் ஐந்து நிற வரிசைகள் வைத்துப் பார்த்தேன். மேடையில் நிற்பவனுக்கு அது ஆகாது. ஒரு நீண்ட வழி, ஒரு குறுகிய வழி, அதோடு போதும்.

அளவுக்கு வருகிறேன். ஆங்கில உரைகளுக்குச் சொல்லப்படும் நிமிடக் கணக்கை நம்பித் தமிழில் எழுதினால் உரை நீண்டுவிடும். ஆங்கிலத்தில் மூன்று சொற்களில் வருவது நம்மிடம் ஒரே சொல்லாக வரும். சொல் எண்ணிக்கை குறையும், வாய்க்கு வேலை குறையாது. எழுந்து நின்று, குரல் எழுப்பி, கடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்ததில் என் வேகம் நிமிடத்துக்கு 90 சொற்கள். மனத்துக்குள் படித்தபோது அதே தாள் பாதி நேரத்தில் முடிந்தது, அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. கல்வெட்டு வரிகளை மேற்கோளாகப் படிக்கும் இடங்களில் வேகம் இன்னும் குறையும். ஆகவே 25 நிமிடத்துக்கு 22 நிமிட உரைதான் எழுதினேன், ஏறத்தாழ 1,980 சொற்கள்.

நீண்ட வழியில் அறிமுகத்துக்கு 2 நிமிடம், முன்னாய்வுக்கு 4, சான்றுகளுக்கும் முறைக்கும் 4, உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு 5, பிற்காலக் குடிமராமத்தோடு ஒப்பிட 4, முடிவுகளுக்கு 3. குறுகிய வழியில் அறிமுகம் அதே 2, முன்னாய்வு அரை நிமிடம், சான்றுகள் 2, உத்திரமேரூர் இரண்டரை, ஒப்பீடு 2, முடிவுகள் அதே 3. மொத்தம் 12. முடிவுகள் இரண்டு வழியிலும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். நேரம் போதாதபோது தானாக வெட்டுப்படுவது எப்போதும் கடைசிப் பகுதி, ஆய்வாளரின் சொந்தச் சரக்கு இருப்பதும் அங்கேதான். எனவே எங்கே வெட்டுவது என்பதை முன்கூட்டியே உரையின் முற்பகுதிக்கு நகர்த்திவிட வேண்டும். முன்னாய்வுதான் முதலில் போக வேண்டியது. ஆய்வேட்டை முழுதும் படித்துவிட்டு வரும் புறத்தேர்வாளருக்கு அதை மீண்டும் நான்கு நிமிடம் சொல்வதை என்னால் இன்றும் நியாயப்படுத்த முடியவில்லை. முறையில் உள்ள வரம்புகளை மட்டும் வெட்டாதீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் தேர்வாளர் அதையே குறையாகச் சொல்வார்.

ஒரு கிளையை எப்படிச் சுருக்கினேன் என்பதைக் காட்டுகிறேன். உத்திரமேரூர்ப் பகுதியில் நீண்ட வழியில் இருந்தது இது:

"முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள், வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. ஊர் குடும்பு எனப்படும் 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சொந்த மனையில் வீடும் கால் வேலிக்கு மேல் நிலமும் உடையவராக, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவரின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு எடுத்தனர். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. இவ்வாறு அமைந்த வாரியங்களுள் ஒன்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம்."

குறுகிய வழியில் இது இப்படி ஆனது:

"உத்திரமேரூரில் ஏரிக்கென்றே ஆறு பேர் கொண்ட வாரியம் இருந்தது. குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். கணக்குக் காட்டத் தவறியவருக்கு அதில் இடமில்லை என்கிறது 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு."

இரண்டாவது, முதலாவதைக் கத்தரித்ததால் வந்ததல்ல. வயதும் நிலமும் சுவையான செய்திகள்தாம், குடவோலை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவையும் அவையே. ஆனால் என் வாதம் ஏரியின் பணம் யார் கையில் இருந்தது என்பது பற்றியது. அதற்குத் தேவை ஆறு பேரும் கணக்கும் மட்டுமே. சுருக்கும்போது எந்தச் செய்தி அழகானது என்று கேட்காமல், முடிவுப் பகுதி எதன்மேல் நிற்கிறது என்று கேட்டேன். முடிவில் "கணக்கு" என்ற சொல் வருகிறது, "வயது" வருவதில்லை. அவ்வளவுதான் அளவுகோல்.

இனி ஓடத்துக்கு வருகிறேன், எனக்கு நேர்ந்த விபத்துக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஒரு பகுதியை எடுத்துவிட்டால் போகும் பொருள் எதுவென்று நமக்குத் தெரியும். ஆனால் பின்னால் நிற்கும் வாக்கியங்களில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு சொற்கள் கண்ணில் படுவதில்லை. தமிழில் இவை மிக நுண்ணியவை. "அந்த", "இத்தகைய", "மேற்கண்ட" போன்றவையாவது தனிச் சொற்கள். "இங்கும்" என்பதில் ஒட்டியிருக்கும் உம் ஒன்று போதும், கேட்பவர் "வேறு எங்கே?" என்று தேடத் தொடங்குவார். "மூன்றாவதாக" என்று சொல்லிவிட்டால் இரண்டாவது எங்கே போயிற்று? "இவ்விரண்டும்" என்றால் இன்னொன்று எது?

நான் செய்த சோதனை இது. நீலப் பகுதிகளை எடுத்துவிட்டுக் கறுப்பை மட்டும் தனியாக அச்சிட்டேன். ஆய்வுக்குத் தொடர்பில்லாத என் அத்தையிடம் அதைக் கொடுத்து, புரியாத இடத்தில் கோடு போடச் சொன்னேன். ஏழு கோடுகள் போட்டிருந்தார். அவற்றில் ஐந்து இத்தகைய சுட்டுச் சொற்களும் உம்மும்தான். பொருள் புரியாத இடம் இரண்டே இரண்டு. பிறகு ஒவ்வொரு கிளையின் பின்னும் வரும் முதல் வாக்கியத்தை, கிளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்படி மாற்றினேன். "முன்பு கண்ட அந்த ஓடத்தைப் போலவே இங்கும் பணி ஊரார் பொறுப்பு" என்றிருந்ததை, "குடிமராமத்திலும் பணி ஊரார் பொறுப்பே" என்று எழுதினேன். இதிலும் ஓர் உம் இருக்கிறது. ஆனால் அது தொடுவது தண்டில் உள்ள ஏரி வாரியத்தை, அது எங்கும் போகாது. ஒரு கிளை இன்னொரு கிளையைச் சுட்டக் கூடாது, தண்டை மட்டுமே சுட்டலாம் என்று விதி வைத்துக்கொண்டேன்.

எந்த வழியில் போவது என்பதை மேடையில் யோசிக்க விடக் கூடாது. என் தாளில் முடிவெடுக்கும் இடங்கள் இரண்டே. முன்னாய்வுக்கு முன் ஒன்று, உத்திரமேரூருக்கு முன் ஒன்று. இரண்டாவது இடத்தில் ஓரத்தில் "11 நிமிடம்" என்று எழுதியிருந்தேன். அதற்குள் அங்கே வந்துவிட்டால் நீலம், தாண்டியிருந்தால் கறுப்பு மட்டும். பேசத் தொடங்கும்போது மணியைப் பார்த்து, 11 நிமிடம் கழித்து என்ன மணி என்பதைப் பென்சிலால் அதன் பக்கத்தில் எழுதிவிடுவேன். பேசிக்கொண்டே கழித்தல் கணக்குப் போடுவது எனக்கு வராது. ஒரு கிளைக்குள் நுழைந்துவிட்டால் பாதியில் திரும்புவதில்லை, அரைகுறைக் கிளை முழு வெட்டைவிட மோசம்.

திரையில் காட்டும் பக்கங்களுக்கும் இதே பிரிவினை வேண்டும். வெட்டிய பகுதியின் பக்கங்களை எட்டு முறை அழுத்திக் கடந்தால், எதை விடுகிறீர்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படும். பவர்பாயிண்டில் காட்சி ஓடும்போது பக்க எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் நேரே அந்தப் பக்கத்துக்குப் போகலாம். தாளின் ஓரத்தில் அந்த எண்களை எழுதி வைத்தேன். கையில் பிடிக்கும் சிறு கருவியில் எண்கள் இருக்காது, ஆகவே கணினிப் பக்கத்திலேயே நின்றேன். கிளைப் பக்கங்களின் நகலை நன்றிப் பக்கத்துக்குப் பின்னாலும் சேர்த்தேன்.

தேர்வு நாளில் புறத்தேர்வாளரின் ரயில் தாமதம். என்னிடம் "பதினைந்து நிமிடம்" என்றார்கள். முன்னாய்வைச் சுருக்கினேன். உத்திரமேரூருக்கு வந்தபோது ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. தாளில் எழுதிய 11 என்பது 25 நிமிடத்துக்கான கணக்கு. அன்று அது பொருந்தாது. முழு நீலத்தையும் பேசினால் மேலும் 12 நிமிடம் ஆகும். அதனால் உத்திரமேரூரை மட்டும் கறுப்பிலேயே முடித்துவிட்டு, ஒப்பீட்டில் நீலத்தை எடுத்துக்கொண்டேன். நேரமில்லாததால் இதை விடுகிறேன் என்று எங்கும் சொல்லவில்லை. கேள்வி நேரத்தில் புறத்தேர்வாளர் இரண்டாவதாகக் கேட்டது, வாரியத்தாரின் தகுதிகள் பற்றி. 41 என்று தட்டி Enter அழுத்தினேன்.