பழைய பாராட்டும் பழைய பதிவும்: என் லிங்க்ட்இன் பக்கத்தைச் சுத்தம் செய்த அனுபவம்

கோத்தகிரி பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பதும், வெளியூர் வாங்குபவர்களுக்கு சாம்பிள் அனுப்பி அவர்களோடு பேசுவதும் என் வேலை. நாங்கள் செய்வது ஆர்த்தடாக்ஸ், அதாவது இலையை முறுக்கிச் செய்யும் முழு இலை டீ, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். சாம்பிள் கைக்குப் போனதும் வாங்குபவர் செய்கிற முதல் வேலை, அனுப்பியது யார் என்று லிங்க்ட்இனில் தேடுவதுதான். என் பக்கத்தைத் திறந்தால் ஊட்டி ஹோட்டல் வரவேற்பாளர், குன்னூர் சிடிசி தேயிலைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர், டீ சுவைப்பவர் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அதில் ஒருவர் மட்டும் பேசினால் போதும் என்று முடிவு செய்து உட்கார்ந்தேன்.

ஹோட்டல் காலத்தில் கூட வேலை பார்த்தவர்கள் என் பக்கத்தில் எழுதிக் கொடுத்த பரிந்துரைகளைத்தான் முதலில் தூக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். நான் படித்துப் பார்த்தபோது அவை அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. பழைய வேலை என்று பார்த்ததும் தெரிகிறது, வாங்குபவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். கெடுதல் செய்தது சிடிசி தொழிற்சாலை மேலாளர் எழுதிய பரிந்துரை. "இவர் ஷிப்டில் இருந்தால் ஒரு நாள் உற்பத்தி குறையவே குறையாது, இயந்திரம் நிற்காது, கிலோ கணக்கில் சாதனை" என்று மனசாரப் பாராட்டியிருந்தார். சிடிசி என்றால் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குவது, அங்கே அளவும் வேகமும் பெருமை. நான் இப்போது விற்பதோ பொறுமையாகச் செய்த டீ. தேயிலை தெரிந்தவர் இதைப் படித்தால் "இவங்க அளவு பார்க்கிற ஆள்" என்றுதான் எடுத்துக்கொள்வார். சம்பந்தமே இல்லாத பாராட்டைவிட, பக்கத்துத் துறையிலிருந்து எதிர்த்திசையில் இழுக்கும் பாராட்டுதான் பக்கத்தை அதிகம் குழப்புகிறது. சுத்தம் செய்யும்போது இந்த மாதிரியைத்தான் முதலில் தேடுங்கள்.

நமக்கு வந்த பரிந்துரையில் ஒரு எழுத்தைக்கூட நாம் மாற்ற முடியாது. பரிந்துரைப் பகுதியின் பென்சில் குறியை அழுத்தினால் வந்தவை ஒரு பக்கம், நாம் கொடுத்தவை ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். வந்ததை மறைக்கலாம், இல்லையென்றால் எழுதியவரிடமே `Ask for revision` மூலம் திருத்தித் தரச் சொல்லலாம். அவர் திருத்தி அனுப்பியதை நாம் ஏற்றுக்கொண்ட பிறகே அது பக்கத்தில் வரும். ஹோட்டல் பரிந்துரைகளில் "சிரித்த முகம், பணிவு" என்று மட்டும் இருந்தவற்றை மறைத்தேன். கோபமாக வந்த விருந்தினரின் புகாரை நான் எப்படி முடித்து வைத்தேன் என்று விவரமாக எழுதியிருந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன், வாங்குபவரோடு பேசுகிற வேலைக்கு அது சாட்சி.

சிடிசி மேலாளருக்கு நேராகத் திருத்தக் கோரிக்கை அனுப்ப மனசு வரவில்லை, எட்டு வருஷம் கூட வேலை பார்த்தவர், திரையில் திடீரென்று அப்படி ஒன்று வந்து நின்றால் நன்றாயிருக்காது. முதலில் போன் போட்டேன்.

"ஏம்மா, நான் எழுதினதுல ஏதாவது பொய் இருக்கா?" என்றார்.

"இல்ல சார், எல்லாம் உண்மைதான். ஆனா இப்ப நான் பார்க்கிற வேலைக்கு நீங்க என்கிட்ட பார்த்த வேற ஒரு விஷயம்தான் வேணும். மழை நாள்ல இலை வாட்டுறதுக்கு நாம பட்ட பாடு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. ஜூலை மழையில் இலை சொட்டச் சொட்ட வரும். முதலில் மேல் ஈரத்தை ஓட்டாமல் வாட்டத் தொடங்கினால் வெளியே ஆறின மாதிரியும் உள்ளே பச்சையாகவும் நிற்கும், டீயில் பச்சை வாடை அடிக்கும். நான் இலையைப் பரப்பிக் காற்றில் வாட்டும் தொட்டியில் கைவிட்டு இலையைக் கசக்கிப் பார்த்து, காற்றை எப்போது கூட்டுவது, இலையை எப்போது புரட்டுவது என்று சொல்வேன். அதைத்தான் அவர் இரண்டே வரியில் திருத்தி எழுதினார். "கையில் இலையைப் பிடித்தே வாட்டம் சொல்லக்கூடியவர்" என்ற வரி இப்போது என் பக்கத்தில் முதல் பரிந்துரை. எதை எழுத வேண்டும் என்று வாக்கியம் எழுதிக் கொடுக்காமல், ஒரு சம்பவத்தை மட்டும் நினைவுபடுத்தியதால்தான் அது அவர் குரலிலேயே வந்தது.

நான் கொடுத்த பரிந்துரைகளில் கை வைக்கவில்லை. அதை நீக்கினால் அந்த நண்பரின் பக்கத்திலிருந்தும் போய்விடும். அவர் வேலை தேடிக்கொண்டிருக்கும் நேரமாகக்கூட இருக்கலாம்.

பழைய பதிவுகளைச் சுத்தம் செய்வதுதான் அதிக வேலை வாங்கும். லிங்க்ட்இனில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கும் வசதி கிடையாது, ஒவ்வொன்றாகத்தான் மூன்று புள்ளியை அழுத்தி நீக்க வேண்டும். அதனால் முதலில் அமைப்புகளில் தரவுப் பகுதிக்குப் போய் என் தகவல்களின் நகலைக் கேட்டு வாங்கினேன். அதில் `Shares.csv` என்ற கோப்பில் பதிவின் தேதி, இணைப்பு, எழுதியது எல்லாம் வரிசையாக இருக்கும். எக்செலில் திறந்து, பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் சேர்த்து, "வை", "நீக்கு" என்று குறித்துக்கொண்டே போனேன். திரையில் கீழே கீழே இழுத்துக்கொண்டே போவதைவிட இது எவ்வளவோ மேல், அதுவும் மழையில் நெட் வந்து வந்து போகிற எங்கள் ஊரில். நீக்கினால் பதிலும் விருப்பக் குறியும் சேர்ந்தே போய்விடும், திரும்பி வராது, ஆகவே நாம் எழுதியதற்காவது இந்த நகல்தான் காப்பு.

விருப்பத்தின் எண்ணிக்கையை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி சமயத்தில் போட்ட அறைச் சலுகைப் பதிவுகளுக்குத்தான் அதிகம் விருப்பம், அவை எல்லாம் போயின. ஜனவரி உறைபனிக்குப் பிறகு பறித்த இலையின் மணத்தைப் பற்றி எழுதிய பதிவுக்கு விருப்பம் கையளவுதான், ஆனால் கீழே ஒருவர் வாட்டும் நேரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டிருந்தார், நானும் பதில் சொல்லியிருந்தேன். அதை எடுத்துப் பக்கத்தின் மேலே பொருத்தினேன். பெரும்பாலோர் தவறவிடுவது, மற்றவர்கள் பதிவில் நாம் எழுதிய கருத்துகள். செயல்பாடு பகுதியில் கருத்துகள் தனியாகத் தெரியும். பச்சைத் தேயிலை விலை பற்றிப் பழைய கோபத்தில் நான் எழுதிய சில வரிகள் அங்கேதான் கிடந்தன. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, அதனால் அந்த வரிகளை விட்டுவைத்தேன். ஹோட்டல் அரசியல் பேசியவற்றை மட்டும் நீக்கினேன்.

குழுக்கள் சுலபம். விருந்தோம்பல் வேலைவாய்ப்பு, சுற்றுலா முகவர்கள் என்று சேர்ந்தவை எல்லாம் ஆர்வங்கள் பகுதியில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கும். உள்ளே நான் போட்டிருந்ததை முதலில் நீக்கிவிட்டு, அப்புறம் வெளியேறினேன். தொடர்பு வேண்டும் என்று தோன்றிய ஒரு குழுவில் மட்டும் இருந்துகொண்டே, அதன் அமைப்பில் பக்கத்தில் காட்டாதபடி மாற்றினேன்.

இவ்வளவு செய்தும் என் பெயரைக் கூகுளில் போட்டால் பழைய அறைச் சலுகைப் பதிவு ஒன்றின் இரண்டு வரி தேடல் முடிவில் தெரிந்தது. சொடுக்கினால் பதிவு இல்லை, ஆனால் வரி மட்டும் நிற்கிறது. கூகுள் அந்தப் பக்கத்தை மறுபடி பார்க்கும்வரை அப்படித்தான் இருக்கும். காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் கூகுளின் படிவத்தில் அந்த இணைப்பைக் கொடுத்திருக்கிறேன். அது போனதும் அடுத்த சாம்பிள் பெட்டிக்குள் என் பக்கத்தின் முகவரியையும் அச்சடித்து வைக்கலாம் என்று இருக்கிறேன்.