செம்பு அதே செம்புதான்

எமது கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்தை நினைக்கும்போதெல்லாம் என் கண்முன் முதலில் வருவது ஒரு சோதனைக்குழாய். உயர்தர வகுப்பின் முதலாம் ஆண்டில், ஐதான செப்புச் சல்பேற்றுக் கரைசலில் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு எடுத்து, அதில் அமோனியாக் கரைசலைத் துளித்துளியாக விடச் சொன்னார் எங்கள் இரசாயன ஆசிரியர். முதற் சில துளிகளுக்கு வெளிர்நீல வீழ்படிவு ஒன்று கூழ்போலத் திரண்டது. இன்னும் விட்டுக் குலுக்கியபோது அந்தக் கூழ் கரைந்து, குழாய் முழுவதும் கருநீலமானது. யன்னலுக்கு நேரே பிடித்தால் மறுபக்கத்து வேப்பமரம் தெரியாத அளவுக்கு ஆழ்ந்த நீலம் அது. "செம்பு அதே செம்புதான். அதைச் சூழ்ந்து நிற்பவைதான் மாறியிருக்கின்றன" என்றார் ஆசிரியர். காரணம் கேட்ட பரீட்சை வினாவுக்கு "d இலத்திரன்கள் காரணமாக" என்று எழுதிப் புள்ளியும் பெற்றோம். ஆனால் சூழ்ந்து நிற்பவை மாறினால் நிறம் ஏன் மாறவேண்டும் என்ற கேள்விக்கு அந்த விடையில் இடமே இல்லை என்பதை அன்று நான் உணரவில்லை.

இன்று புலம்பெயர் நாடொன்றில் முதலாம் ஆண்டு மாணவருக்கு அசேதன இரசாயனம் கற்பிக்கும் நான், பளிங்குப் புலக் கொள்கை பற்றிய விரிவுரைக்கான சிலைடுகளை ஆண்டுதோறும் திருத்தி எழுதுகிறேன். செம்பு அயனில் ஒன்பது d இலத்திரன்கள் இருப்பதால், பாடத்தை அதில் தொடங்குவதில்லை. ஒரேயொரு d இலத்திரன் உள்ள தைத்தேனியத்தில், அதாவது ஆறு நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்ட [Ti(H2O)6]3+ அயனில் தொடங்குகிறேன். இந்த அயனின் கரைசல் ஊதா நிறமானது.

முதற் சிலைடில், d இலத்திரன்கள் குடியிருக்கும் ஐந்து d ஒபிற்றல்களும் ஒரே மட்டத்தில் ஐந்து கோடுகளாக இருக்கும். தனித்து நிற்கும் அயனில் அவற்றிடையே சக்தி வேறுபாடு இல்லை. அடுத்து, அயனைச் சுற்றி x, y, z அச்சுகளின் இரு முனைகளிலுமாக ஆறு நீர் மூலக்கூறுகளை வைக்கிறோம். ஒவ்வொரு மூலக்கூறும் தன் ஒட்சிசனின் தனிச்சோடி இலத்திரன்களை நடுவிலுள்ள உலோகத்தை நோக்கி நீட்டியபடி நிற்கும். இப்படி உலோகத்தைச் சூழ்ந்து நிற்பவற்றையே இணையிகள் என்கிறோம். ஐந்து ஒபிற்றல்களில் இரண்டு, அச்சுகளின் வழியே நேராக நீண்டிருப்பவை. அவற்றில் இருக்கும் இலத்திரன், எதிரே வரும் தனிச்சோடியுடன் முகத்துக்கு முகம் மோதவேண்டியிருப்பதால் அவற்றின் சக்தி உயர்கிறது. மற்றைய மூன்றும் அச்சுகளுக்கு இடையிலுள்ள வெளியை நோக்கியவை. அவற்றில் இருக்கும் இலத்திரனுக்கு அந்தத் தள்ளுகை குறைவு. இவ்வாறு ஒரு மட்டம் இரண்டாகப் பிளக்கிறது. இரு மட்டங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை Δ என்று குறிக்கிறோம். சராசரியிலிருந்து மேலே இரண்டு ஒபிற்றல்கள் 0.6Δ அளவுக்கு ஏற, கீழே மூன்று 0.4Δ அளவுக்கு இறங்குகின்றன. இரண்டை 0.6 ஆல் பெருக்கினாலும் மூன்றை 0.4 ஆல் பெருக்கினாலும் 1.2தான் வருகிறது என்று மாணவர்கள் தாமாகவே கண்டுகொள்ளும் வரை அடுத்த சிலைடுக்கு நான் போவதில்லை.

தைத்தேனியத்தின் அந்த ஒற்றை இலத்திரன் கீழ்மட்டத்தில் இருக்கிறது. இடைவெளிக்குச் சமமான சக்தியுள்ள ஒளி பட்டால் அதை உறிஞ்சி மேல்மட்டத்துக்குத் தாவுகிறது. கரைசலை நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தால் உறிஞ்சலின் உச்சம் ஏறத்தாழ 500 நனோமீற்றரில் விழுகிறது. ஒரு மூலுக்குரிய சக்தியைக் கிலோயூலில் பெற, 119,600 என்ற எண்ணை நனோமீற்றரிலுள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். பிளாங்கின் மாறிலி, ஒளியின் வேகம், அவகாதரோ எண் மூன்றும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. 500ஆல் வகுத்தால் ஏறத்தாழ 240 கிலோயூல் வருகிறது. நமது கண்ணுக்குத் தெரியும் 400 முதல் 700 நனோமீற்றர் வரையான ஒளியை இதேபோலக் கணித்தால், ஏறத்தாழ 300 முதல் 170 கிலோயூல் வரை வரும். தைத்தேனியத்தின் Δ இந்த எல்லைக்கு நடுவே விழுந்ததனால்தான் அதன் கரைசல் நிறமாகத் தெரிகிறது.

உறிஞ்சப்படும் ஒளியின் நிறமே கரைசலின் நிறம் என்று எழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். 500 நனோமீற்றர் என்பது நீலப்பச்சை. கரைசல் அதை விழுங்கிவிட, நிறமாலையின் இரு ஓரங்களிலும் உள்ள சிவப்பும் ஊதாவும் மிஞ்சிக் கண்ணை வந்தடைகின்றன. அந்தக் கலவையையே நாம் ஊதா என்கிறோம். உறிஞ்சல் ஓர் ஒற்றைக் கோடாக அல்லாமல் அகன்ற மேடாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உலோகத்துக்கும் ஒட்சிசனுக்கும் இடையிலுள்ள பிணைப்புகள் ஓயாமல் அதிர்கின்றன. தூரம் சற்றுக் குறையும்போது Δ கூடுகிறது, நீளும்போது குறைகிறது. ஆகவே கரைசலிலுள்ள அயன்கள் எல்லாம் ஒரே கணத்தில் ஒரே இடைவெளியைக் கொண்டிருப்பதில்லை.

உப்புப் பளிங்குகளுக்குள் இருக்கும் அயன்களின் சக்தி மட்டங்கள் எவ்வாறு பிளக்கும் என்பதை ஹான்ஸ் பேத்தே 1929இல் கணித்துக் காட்டினார். பளிங்குப் புலம் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. அவர் பௌதிகவியலாளர், இரசாயனவியலாளர்கள் அதைத் தம் கரைசல்களின் நிறங்களுக்கு எடுத்தாள இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. மேலே சொன்ன தைத்தேனிய அயனின் ஊதா நிறத்தை இல்சேயும் ஹாட்மனும் இந்த வழியில் விளக்கியது 1951இல்.

என் சிலைடுகளில் பல ஆண்டுகளாக ஒரு பிழை இருந்தது. "இணையிகள் இல்லையேல் பிளவு இல்லை, பிளவு இல்லையேல் நிறம் இல்லை" என்று எழுதி, அதற்கு உதாரணமாக நீரற்ற செப்புச் சல்பேற்றைக் காட்டியிருந்தேன். பாடசாலையில் நீலப் பளிங்குகளைக் கொதிகுழாயில் சூடாக்கி வெள்ளைத் தூளாக்கியதும், ஆறியபின் ஒரு துளி நீர் விட்டதும் அது மீண்டும் நீலமானதும் என் மனதில் பதிந்திருந்தபடியால் அந்த உதாரணத்தில் எனக்கு ஐயமே எழவில்லை. ஒருநாள் விரிவுரை முடிந்ததும் ஒரு மாணவி வந்து, ஆய்வுகூட அலுமாரியில் முத்திரையிட்ட கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் தைத்தேனியம் முக்குளோரைட்டில் நீர் இல்லையே, அது மட்டும் ஏன் ஊதாவாக இருக்கிறது என்று கேட்டாள். நான் குப்பியை எடுத்துப் பார்த்தேன். உலர்ந்த, கரிய ஊதாத் தூள். அவள் சொன்னது சரி.

நீர் நீங்கினால் இணையிகளே இல்லாமற் போகும் என்பதுதான் அந்தப் பிழை. திண்மத்தினுள் எந்த உலோக அயனும் தனியே நிற்பதில்லை. தைத்தேனியம் முக்குளோரைட்டில் ஒவ்வொரு தைத்தேனியத்தையும் ஆறு குளோரைட்டு அயன்கள் எண்முகியாகச் சூழ்ந்திருக்கின்றன. பிளவு அங்கேயும் உண்டு, நிறமும் உண்டு. செப்புச் சல்பேற்றின் நீலப் பளிங்கில் ஒவ்வொரு செம்பு அயனையும் நான்கு நீர் மூலக்கூறுகளும் இரண்டு சல்பேற்று ஒட்சிசன்களும் சூழ்ந்திருக்கின்றன. சூடாக்கி நீர் முழுவதையும் ஓட்டியபின் அந்த இடங்களைச் சல்பேற்று ஒட்சிசன்களே நிரப்புகின்றன. அவை நீரிலும் நலிந்த இணையிகள் என்பதால் Δ சுருங்கி, உறிஞ்சல் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்ப் பகுதிக்குள் நகர்ந்துவிடுகிறது. வெள்ளைத் தூளிலும் பிளவு இருக்கிறது. நம் கண்ணின் எல்லைக்குள் அது விழவில்லை, அவ்வளவுதான். அந்தச் சிலைடை அன்றிரவே மாற்றி எழுதினேன்.

இதைத் திருத்தியபோதுதான் பாடசாலைச் சோதனைக்குழாய்க்கு நிறைவான விடை எனக்குக் கிடைத்தது. நீரால் சூழப்பட்ட செம்பு அயனின் உறிஞ்சல் உச்சம் ஏறத்தாழ 800 நனோமீற்றரில், கண்ணின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. மேட்டின் சரிவு மட்டும் சிவப்புக்குள் நீண்டு சிறிதளவு சிவப்பை எடுத்துக்கொள்வதால், மிஞ்சுவது வெளிர்நீலம். அமோனியா நீரைவிட வலிய இணையி. நான்கு நீர் மூலக்கூறுகளின் இடத்தில் நான்கு அமோனியா வந்து அமர்ந்ததும் உச்சம் ஏறத்தாழ 600 நனோமீற்றருக்கு நகர்கிறது. சக்தியில் சொன்னால் 150 கிலோயூல் 200 ஆகிறது. இப்போது மேடு முழுவதும் கண்ணின் எல்லைக்குள் வந்து, சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் மூன்றையும் வாரிக்கொள்கிறது. உறிஞ்சலின் வலுவும் கூடுகிறது. அதனால்தான் நீலம் அவ்வளவு ஆழ்ந்தது. செம்பில் எண்முகி இரு முனைகளில் நீண்டு உருக்குலைந்திருப்பதால் இந்த எண்களை நேரடியாக Δ என்று கொள்ளக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட d இலத்திரன்கள் உள்ள பெரும்பாலான அயன்களிலும், இலத்திரன்கள் தமக்குள் தள்ளிக்கொள்வதையும் கணக்கில் எடுக்கவேண்டும். தைத்தேனியத்தில் நான் தொடங்குவதற்கு அதுவே காரணம்.

இங்கேயே கொள்கையின் குறையும் வெளிப்படுகிறது. இணையிகளை வெறும் மின்னேற்றப் புள்ளிகளாகக் கருதினால், மறை ஏற்றமுள்ள புளோரைட்டு அயன், நடுநிலையான அமோனியாவைவிட அதிகமாகப் பிளக்கவேண்டும். பரிசோதனை அதற்கு மாறாகச் சொல்கிறது. ஏற்றமே இல்லாத காபனோரொட்சைட்டு, பிளவின் அளவுப்படி இணையிகளை அடுக்கும் வரிசையின் உச்சியில் நிற்கிறது. இலத்திரன்கள் உலோகத்துக்கும் இணையிக்கும் இடையே பகிரப்படுவதைச் சேர்க்காமல் இதை விளக்க முடியாது.

பொற்றாசியம் பரமங்கனேற்று ஏன் நிறமானது என்று கேட்டால், இன்றும் சில மாணவர்கள், ஒரு d ஒபிற்றலிலிருந்து இன்னொன்றுக்கு நிகழும் d-d தாவல் என்று எழுதுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் எழுதியிருப்போம். அதிலுள்ள மங்கனீசு +7 நிலையில் இருப்பதால், தாவுவதற்கு அதனிடம் d இலத்திரன் ஒன்றுகூட இல்லை. ஒட்சிசனிலிருந்து ஓர் இலத்திரன் மங்கனீசுக்கு நகர்வதே அந்த நிறம். இரண்டையும் பிரித்தறிய, ஊதாவாகத் தெரியும் தைத்தேனியக் கரைசலையும் பரமங்கனேற்றுக் கரைசலையும் அருகருகே வைத்து இரண்டையும் நூறு மடங்கு ஐதாக்கச் சொல்கிறேன். ஒரே செறிவில் பரமங்கனேற்று, தைத்தேனியத்தைப்போலச் சில நூறு மடங்கு வலுவாக ஒளியை உறிஞ்சுகிறது. லீற்றருக்கு 0.1 மூல் செறிவில் தொடங்கினால், தைத்தேனியக் குழாய் தண்ணீர்போலத் தெளிந்துவிடும். பரமங்கனேற்றுக் குழாயில் ஊதா அப்படியே நிற்கும்.