மரணக் காரணத்தைக் கீழிருந்து மேலாக எழுதுதல்

வைத்தியர் ஒருவர் இறந்த நோயாளியைப் பற்றிச் சொல்லெழுத்தாகத் தரும் குறிப்பு, நோயாளி விடுதிக்கு வந்த நேரத்தில் தொடங்கி இதயம் நின்ற நிமிடத்தில் முடிகிறது. மரணக் காரணச் சான்றிதழோ அந்த வரிசையை ஏற்பதில்லை. அதன் முதற் பகுதியின் மேல் வரியில் உயிரை நேரடியாகப் பறித்த நோய் நிற்க வேண்டும்; அதற்குக் கீழே ஒவ்வொரு வரியிலும் மேல் வரியை விளைவித்தது நிற்க வேண்டும்; கடைசியாக நிரப்பப்படும் வரியே எல்லாவற்றுக்கும் மூலமான அடிப்படைக் காரணம். திருகோணமலையில் ஒரு வைத்தியசாலையின் பதிவேட்டுப் பிரிவில் இக்குறிப்புகளை அவ்வடிவத்துக்கு மாற்றி, ஒப்பமிடும் வைத்தியரின் பார்வைக்கு வைப்பது என் பணி. காரணத்தைத் தீர்மானிப்பவர் அவர். அவர் சொன்னவை சரியான வரியில் நிற்கின்றனவா என்று பார்ப்பவள் நான்.

ஒரு குறிப்பை எடுத்துக்கொள்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். மூதூர்ப் பக்கத்திலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட, அறுபது கடந்த பெண். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர். காலின் நாடிகள் சுருங்கியிருந்தன. வலது பாதத்தில் இரண்டு நாட்களாக அழுகல். மூன்று நாட்களாகக் குருதியில் கிருமித்தொற்று. அதிகாலையில் இதயம் நின்றது, மீட்கும் முயற்சி பலனளிக்கவில்லை.

இதில் நான் முதலில் விலக்கி வைப்பது கடைசி வாக்கியத்தைத்தான். இதயம் நிற்பது எல்லா மரணத்திலும் நிகழ்வது. அது மரணம் நிகழ்ந்த விதமேயன்றி நோயன்று. மேல் வரியில் அதை மட்டும் எழுதிவிட்டால், சர்வதேச நோய் வகைப்பாட்டின்படி குறியீடு இடுபவர் I46.9 என்ற பயனற்ற எண்ணைத் தவிர வேறெதையும் தர இயலாது. அந்தப் பெண்ணுக்கு நீரிழிவு இருந்ததே தேசியப் புள்ளிவிபரத்திலிருந்து மறைந்துவிடும்.

எஞ்சியவற்றைக் கீழிருந்து கட்டுகிறேன். நீரிழிவு காலின் நாடிகளைச் சுருக்கியது. சுருங்கிய நாடியால் பாதம் அழுகியது. அழுகலிலிருந்து கிருமி குருதியில் பரவியது. ஆகவே (அ) குருதிக் கிருமித்தொற்று, (ஆ) வலது பாத அழுகல், (இ) புற நாடி நோய், (ஈ) இரண்டாம் வகை நீரிழிவு. எந்த வகை என்று குறிப்பில் இல்லாததால் வைத்தியரிடம் கேட்டே எழுதினேன். வகையைச் சொன்னால் E11, சொல்லாவிட்டால் வகை குறிப்பிடப்படாதவற்றுக்குரிய E14 என, ஒரு சொல் விடுபடுவதால் அந்த மரணம் வேறு கணக்கில் போய்ச் சேருகிறது.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த நோய் தொடங்கியது முதல் மரணம் வரையான காலம் எழுதப்பட வேண்டும். பலர் வெறுமையாக விடும் இந்தக் கட்டமே வரிசையைச் சோதிக்கும் கருவி என்பது என் எண்ணம். கீழே போகப் போகக் காலம் நீள வேண்டும். ஓரிடத்தில் குறைந்தால் வரிசை தவறு, அல்லது காலம் தவறு. இங்கே அழுகலுக்கு இரண்டு நாள், அதிலிருந்து பரவிய தொற்றுக்கு மூன்று நாள். விளைவு காரணத்துக்கு முந்த முடியாது. மாற்றல் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தபோது, விரல்கள் கறுத்து இரண்டு வாரமாகிறது என்றிருந்தது. இரண்டு நாள் என்பது அவர் எங்கள் விடுதியில் இருந்த காலம். நீரிழிவின் காலத்தை மகள் சொன்னார்: "சுனாமி வந்த வருசம்தான் அம்மாவுக்குச் சீனி வருத்தம் எண்டு கண்டுபிடிச்சது." 2004 முதல் என்றால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். இந்தக் கரையோரத்தில் உறவினரிடம் காலம் கேட்க அதைவிட உறுதியான அடையாளம் எனக்குக் கிடைத்ததில்லை.

சிறுநீரக நோயும் குருதி அமுக்கமும், மரணத்துக்குத் துணைபோன ஏனைய நோய்களுக்கான இரண்டாம் பகுதிக்குப் போயின. சிறுநீரக நோய் அவரைப் பலவீனப்படுத்தி மரணத்தை விரைவுபடுத்தியிருக்கலாம். ஆனால் பாதம் அழுகியது அதனால் அன்று. குறிப்பில் இருக்கிறதே என்று அதை நீரிழிவுக்குக் கீழே சேர்த்தால், சிறுநீரக நோயே நீரிழிவை உண்டாக்கியது என்று படிவம் சொல்லும்.

கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வந்த குடும்பம் அன்றே ஜனாஸாவை நல்லடக்கம் செய்யக் காத்திருக்கும்போது இவ்வளவையும் விரைவாகச் செய்ய வேண்டும். அவர்களைக் காக்க வைப்பது எனக்கும் வருத்தமே. எனினும் ஒரு சொல்லைக் கண்டால் நான் தட்டச்சை நிறுத்திவிடுவேன்: "விழுந்தார்". இடுப்பெலும்பு முறிந்து வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்து நிமோனியாவால் இறந்தவரின் குறிப்பில் அந்தச் சொல் நடுவில் எங்கோ புதைந்திருக்கும். அங்கே அடிப்படைக் காரணம் நிமோனியா அன்று, வீழ்ச்சி. விபத்தால் நேர்ந்த மரணம் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் போக வேண்டியது. அத்தகைய குறிப்பை வடிவமைக்காமலே, அந்தச் சொல்லின் கீழ்க் கோடிட்டு வைத்தியரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.