தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிள்

ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆபீஸ் நெட்வொர்க் மொத்தமாக நின்றது. மெயில் இல்லை, பிரிண்டர் இல்லை, மேஜை ஃபோன்களும் செத்துவிட்டன. சர்வர் ரூமில் ஸ்விட்ச்சுகளின் பச்சை விளக்குகள் எல்லாம் இடைவெளியே இல்லாமல் ஒரே வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தன. சாதாரண நாளில் ஒவ்வொரு விளக்கும் தன் போக்கில் மினுக்கும். எல்லாம் சேர்ந்து துடித்தால் எங்கேயோ லூப் விழுந்திருக்கிறது, அதாவது கேபிள் வழி வட்டமாகி அனுப்பியதே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்று சந்தேகப்படலாம்.

ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் கணக்கு கிடையாது. ஐ.பி. பாக்கெட் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதன் ஆயுள் எண் ஒன்று குறைந்து, கடைசியில் செத்துப்போகும். எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் ஃபிரேம் லூப்பில் மாட்டினால் யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றும்.

என் மேஜையிலிருந்தே எஸ்.எஸ்.எச். வழியாக ஸ்விட்ச்சுகளுக்குள் நுழைய முடியவில்லை. கன்சோல் கேபிளைச் செருகி ஒவ்வொரு ஸ்விட்ச்சாக லாக் பார்த்தேன். இரண்டாம் மாடி ஸ்விட்ச்சில் `MACFLAP_NOTIF` என்ற வரி மழையாகக் கொட்டியது. ஒரே கம்ப்யூட்டரின் முகவரி இந்தப் போர்ட்டில் இருக்கிறது, இல்லை, அந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்ச் தடுமாறுவதன் அடையாளம் அது. 17, 18 என்ற இரண்டு போர்ட்டுகள் திரும்பத் திரும்ப வந்தன. இரண்டையும் பிடுங்கியதும் சில நொடிகளில் நெட்வொர்க் எழுந்துவிட்டது.

இரண்டும் ஒரு மீட்டிங் ரூமின் சுவர் சாக்கெட்டுகள். ஐ.பி. ஃபோனின் பின்னால் இரண்டு ஓட்டைகள் இருக்கும், ஒன்று சுவருக்கு, இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. இரண்டுமே சுவருக்குப் போயிருந்தன. அறையை ஒழுங்குபடுத்திய தம்பி, "வயர் சும்மா தொங்கிட்டு இருந்துச்சு சார், அதான் சொருகி வச்சேன்" என்றார். அவர் மேல் தப்பே இல்லை.

ஆனால் அந்த ஸ்விட்ச்சில் லூப்பைக் கண்டுபிடித்து அடைக்கும் ஸ்பேனிங் ட்ரீ ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஸ்விட்ச் இரண்டு நொடிக்கு ஒருமுறை பி.பி.டி.யு. என்ற சின்னச் செய்தியை அனுப்பும். தான் அனுப்பியதே இன்னொரு போர்ட்டில் திரும்பி வந்தால் லூப் என்று புரிந்துகொண்டு ஒரு பக்கத்தை அடைக்கும். அப்படியிருந்தும் ஏன் அடைக்கவில்லை?

கான்ஃபிகரேஷனைத் திறந்தேன். எல்லாப் போர்ட்டிலும் `spanning-tree bpdufilter enable` இருந்தது. போட்டவன் நான்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒருவர் மேஜைக்கடியில் சொந்த ஸ்விட்ச் ஒன்றை வைத்திருந்தார். பி.பி.டி.யு. வந்தாலே போர்ட்டை மூடிவிடும் பி.பி.டி.யு. கார்டு அவருடைய போர்ட்டை அடிக்கடி மூடியது, அவரும் அடிக்கடி என்னைக் கூப்பிட்டார். அலுப்பில் ஃபில்டர் போட்டேன். தொல்லை நின்றது. அப்புறம் அதே வரியை எல்லாப் போர்ட்டுக்கும் காப்பி அடித்துவிட்டேன். போர்ட்டில் நேரடியாகப் போட்ட ஃபில்டர் பி.பி.டி.யு.வை அனுப்பவும் விடாது, வருவதைப் பார்க்கவும் விடாது. கூடவே கார்டு இருந்தாலும் ஃபில்டர்தான் ஜெயிக்கும். காவல்காரனின் கண்ணையும் வாயையும் கட்டிவிட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் இப்படி மாற்றினேன்:

```
interface range Gi1/0/1 - 44
 no spanning-tree bpdufilter
 spanning-tree portfast
 spanning-tree bpduguard enable
 storm-control broadcast level 1.00
 storm-control action shutdown
```

மற்ற ஸ்விட்ச்சுகளுக்குப் போகும் அப்லிங்க் போர்ட்டுகளை இதில் சேர்க்கவில்லை. அங்கே கார்டு போட்டால் பக்கத்து ஸ்விட்ச்சின் நியாயமான பி.பி.டி.யு.வைப் பார்த்ததுமே அப்லிங்க்கை மூடிவிடும். எல்லா ஸ்விட்ச்சிலும் ப்ரியாரிட்டி 32768 என்றே இருந்ததால் ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய ஸ்விட்ச் ஸ்பேனிங் ட்ரீக்குத் தலைமையான ரூட் ஆகியிருந்தது. கோர் ஸ்விட்ச்சுக்கு 4096 கொடுத்து அதையும் சரிசெய்தேன்.

பிறகு வேண்டுமென்றே லூப் போட்டுப் பார்த்தேன். ஐ.பி. ஃபோனை இரண்டு சாக்கெட்டிலும் செருகியதும் போர்ட் மூடிக்கொண்டது. சரி. அடுத்து கடையில் வாங்கிய மலிவான எட்டு போர்ட் ஸ்விட்ச்சை இணைத்து, ஒரு கேபிளின் இரு முனைகளையும் அதிலேயே செருகினேன். ஸ்பேனிங் ட்ரீ ஒன்றும் செய்யவில்லை! சில மலிவு ஸ்விட்ச்சுகள் பி.பி.டி.யு.வை விழுங்கிவிடும், திருப்பி அனுப்பாது. கேட்காத செய்திக்கு ஸ்பேனிங் ட்ரீயால் பதில் சொல்ல முடியாது. அங்கே கைகொடுத்தது, பிராட்காஸ்ட் அளவு மீறினால் போர்ட்டை மூடும் ஸ்டார்ம் கன்ட்ரோல். ஒரு கிகாபிட் போர்ட்டில் ஒரு சதவீதம் என்றால் நொடிக்கு 10 மெகாபிட். எங்கள் மேஜைகளிலிருந்து வழக்கமாக வரும் பிராட்காஸ்ட் அதன் அருகில்கூட வராது. அதைத் தாண்டியதும் போர்ட் மூடியது.

மூடிய போர்ட்டைத் தானாகத் திறக்கவைக்கும் வசதி இருக்கிறது, வழக்கமான இடைவெளி 300 நொடி. அதை நான் போடவில்லை. லூப் அப்படியே கிடந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து மூடும், யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள். கிளை ஆபீஸ்களில் ஆள் இல்லாவிட்டால் அது வேறு கணக்கு.

மூன்று வாரம் கழித்து முதல் மாடியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "என் ஃபோன் மட்டும் வேலை செய்யல சார்."

லாக்கில் `BLOCK_BPDUGUARD` வரி இருந்தது. கீழே போய்ப் பார்த்தேன். இரண்டு கேபிள்களும் சுவரில் அழகாகச் செருகப்பட்டிருந்தன.