555-ல் 0.3 விநாடி எரிந்து 0.7 விநாடி அணையும் விளக்கு: மதிப்புகளைத் தேர்ந்த விதம்

காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டு முகப்பில் வைத்த வரவேற்புப் பலகைக்கு எல்இடி வரிசை மினுக்க வேண்டியிருந்தது. விநாடிக்கு ஒரு முறை, 0.3 விநாடி எரிந்து 0.7 விநாடி அணைய வேண்டும். சப்ளை 12 வோல்ட்.

555 டைமர் ஐசியின் வழக்கமான சர்க்யூட்டில் இது முதலில் இடிக்கும். கெப்பாசிட்டர் C, R1, R2 என்ற இரண்டு ரெசிஸ்டர்களின் வழியாகவும் சார்ஜ் ஆகிறது, R2 வழியாக மட்டும் இறங்குகிறது. அதனால் அவுட்புட் மேலே இருக்கும் நேரம் எப்போதும் பாதிக்கு மேல்தான். R2-க்குக் குறுக்கே டையோடு போடுவது ஒரு வழி. அதைவிட எளிது, எல்இடியைத் திருப்பிப் போடுவது: பிளஸ்ஸிலிருந்து, தனி ரெசிஸ்டர் வழியாக, அவுட்புட்டான 3-ம் காலுக்கு. அவுட்புட் கீழே இறங்கும்போதுதான் எரியும். அப்போது கணக்கு நேராக வருகிறது:

```
அணைவு = 0.693 × (R1 + R2) × C
எரிவு = 0.693 × R2 × C
```

C-ஐ முதலில் முடிவு செய்துவிட வேண்டும். அதில்தான் கடையில் கிடைக்கும் மதிப்புகள் குறைவு. 10 மைக்ரோ ஃபாரட் எடுத்தால் R2 சுமார் 43 கிலோ ஓம், R1 58 கிலோ ஓம். எளிதில் கிடைப்பவை 47, 56. போட்டுப் பார்த்தால் எரிவு 0.33, அணைவு 0.71, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் பலகையில் ஒரு சுற்று 1.2 விநாடி ஓடியது. எலக்ட்ரோலிட்டிக்கில் 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம். மீட்டரில் வைத்தால் 11.6. அந்த மதிப்பை வைத்துத் திரும்பக் கணக்கிட்டபோது R2 39, R1 47 வந்தது. சுற்று 1 விநாடிக்கு வந்துவிட்டது. சாலிடர் வைப்பதற்கு முன்பே அளந்திருந்தால் இரண்டு ரெசிஸ்டரைக் கழற்ற வேண்டியிருந்திருக்காது.

இரண்டு நேரமும் ஒரே விகிதத்தில் நீண்டால் கெப்பாசிட்டரின் மதிப்புதான் காரணம். அணைவு மட்டும் நீண்டு எரிவு நீளாவிட்டால், பழைய கெப்பாசிட்டர் கசிகிறது: கசிவு சார்ஜைத் தாமதப்படுத்தும், இறக்கத்துக்கு உதவும். ரெசிஸ்டரை மாற்றி இதைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். நாளுக்கு நாள் மாறும். கெப்பாசிட்டரை மாற்றுங்கள். சுவிட்ச் போட்டதும் வரும் முதல் அணைவு மட்டும் நீளமாக இருப்பது பழுதல்ல. அப்போது கெப்பாசிட்டர் சப்ளை வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து அல்ல, பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது.

R1-ஐ 1 கிலோ ஓமுக்குக் கீழே இறக்க வேண்டாம். எரியும் நேரம் முழுதும் 12 வோல்ட்டும் அதன் மேல் விழுந்து, அந்தக் கரன்ட் 7-ம் காலுக்குள் பாயும். 4-ம் காலை பிளஸ்ஸில் கட்டுங்கள், 5-ம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோ ஃபாரட். 8-க்கும் 1-க்கும் நடுவே ஐசிக்கு ஒட்டியபடி 100 மைக்ரோ ஃபாரட் ஒன்று. சாதா 555 நிலை மாறும் கணத்தில் சப்ளையைச் சட்டென இழுக்கும். எல்லா எல்இடிகளும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வையுங்கள்.