கீழ் உதட்டுக்குள் ஒரு வெள்ளைத் தழும்பு

தண்டையார்பேட்டையில் பல் மருத்துவராக இருக்கிறேன். பல்வலி என்று வரும் பள்ளிப் பையன்களுக்கு இப்போதெல்லாம் பல்லைப் பார்ப்பதற்கு முன்பே கீழ் உதட்டை மடக்கிப் பார்த்துவிடுகிறேன். உதட்டின் உள்பக்கம் ஓர் இடம் மட்டும் வெளுத்து, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனி மாதிரி சுருங்கியிருந்தால், பெரும்பாலும் அங்கே புகையிலைப் பை வைக்கிறான் என்று அர்த்தம். புதினா வாசனையோடு வரும் சின்னப் பை அது. புகை வராது, வாத்தியார் பாடம் நடத்தும்போதே உள்ளே வைத்துக்கொள்ளலாம். குட்கா, பான்மசாலாவை இங்கே 2013-லேயே தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் கேட்கிற கடையில் கேட்டால் இதெல்லாம் பையன்கள் கைக்குக் கிடைத்துவிடுகிறது.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா, பத்தாவது படிக்கும் மகனை ஈறு வீக்கத்துக்காகக் கூட்டி வந்தார். அவருக்கு ஈறை விடப் பெரிய கவலை வேறு. "ஸ்கூல்லேர்ந்து வந்தா மூஞ்சியே சரியில்ல டாக்டர். ஒரு வார்த்தை கேட்டா எரிஞ்சு விழுறான். சாமானைத் தூக்கி அடிக்கிறான்" என்றார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உதட்டை மடக்கினேன். வெள்ளைத் தழும்பு இருந்தது. "எத்தனை மணிக்கு முதல் பை?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "எழுந்து பல்லு விளக்கினதும்" என்றான். எழுந்த அரை மணி நேரத்துக்குள் தேவைப்படுகிறது என்றால் அது விளையாட்டுப் பழக்கத்தைத் தாண்டிவிட்டது.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. உடம்பில் ஏறிய நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மூளையில் அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. நிகோடின் வர வர அவற்றின் எண்ணிக்கை கூடும், அது வராத நேரத்தில் எல்லாம் சேர்ந்து கேட்கும். எரிச்சல், படபடப்பு, படிப்பில் மனம் நிற்காதது எல்லாம் அப்போதுதான் வருகின்றன. வளரும் மூளையில் இந்த மாற்றம் சுலபமாக நடக்கிறது. ஆசையைக் கிளப்பும் பகுதி பதின்ம வயதிலேயே முழுவேகத்தில் இருக்கும். 'வேண்டாம், நிறுத்து' என்று சொல்லும் முன்பகுதி முதிர ஏறக்குறைய 25 வயது ஆகும். தினமும் போடாத பிள்ளைகள் சிலருக்கே சில வாரங்களில் அடிமைத்தனத்தின் அறிகுறிகள் தெரியும். பள்ளியில் நாலைந்து பை வைப்பவன், வீட்டில் அம்மா கண்முன் வைக்க முடியாமல் தவிக்கிறான். அந்தத் தவிப்பு, பார்க்கிறவர்களுக்குத் திமிராகத் தெரிகிறது. அடுத்த பை வைத்ததும் அடங்கிவிடுவதால், "இதுதான் என் டென்ஷனைக் குறைக்குது" என்று அவனும் நம்பிவிடுகிறான்.

"அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றேன். "நீங்களே சொல்லுங்க" என்றான். அவன் எதிரிலேயே சொன்னேன். அந்த அம்மா கை ஓங்கினார், அப்புறம் அழுதார். இரண்டும் நியாயம்தான். அழுகை அடங்கிய பிறகு அவரிடம் சில விஷயம் பேசினேன். "ஏன்டா இப்படிப் பண்ணே?" என்று கேட்காதீர்கள், அதற்கு அவனிடமே பதில் கிடையாது. "எப்போ ரொம்ப வேணும்னு தோணுது?" என்று கேளுங்கள். முகத்துக்கு நேரே உட்கார வைத்துக் கேட்டால் வாயைத் திறக்கமாட்டான். கூடையை இறக்க உதவும்போதோ, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதோ கேளுங்கள். கேட்டுவிட்டு அவன் பேசும்வரை சும்மா இருங்கள். புற்றுநோய்ப் படத்தைக் காட்ட வேண்டாம். நாற்பது வயதில் வரப்போவது பதினைந்து வயதுக்காரனுக்குப் பயம் தராது. கால்பந்து ஆடுகிற பையன் என்பதால், மைதானத்திலும் பை இல்லாமல் இருக்க முடியவில்லையா என்று கேட்கலாம். அவன் அப்பாவும் புகையிலை போடுகிறவர். அவரிடம், "நான் விட முடியாம மாட்டிக்கிட்டேன்டா" என்று மகனிடம் உள்ளதைச் சொல்லச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியம், எத்தனை அறிவுரை சொன்னாலும் நடக்காததைச் செய்யும்.

அவர்கள் வீட்டில் பேச்சு ஒரே நாளில் முடியவில்லை. காலையில் எழுந்ததும், கணக்கு வகுப்புக்கு முன்னும்தான் ரொம்ப வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். முதலில் காலைப் பையை விட்டான். எழுந்ததும் அப்பாவோடு டீக்கடைக்குப் போய்விட்டு வருவது என்று ஏற்பாடு. ஆசை கிளம்பினால் சில நிமிடங்களில் தணிந்துவிடும், அதைத் தாண்டினால் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். அப்புறம் ஒரு நாள் முழுவதுமாக நிறுத்தினான். முதல் மூன்று நாள் கோபம் முன்னைவிட மோசமாக இருக்கும் என்று முன்பே சொல்லி வைத்ததால் அம்மா பொறுத்துக்கொண்டார். பரீட்சை நாளில் திரும்ப ஒரு பை வைத்துவிட்டு அவனே வந்து சொல்லியிருக்கிறான். அவர் கத்தாமல், "அப்போ என்ன நடந்துச்சு கண்ணு?" என்று கேட்டாராம்.

நிறுத்திய பிறகு, சில வாரம் கழித்து உதட்டை மறுபடி பார்த்தேன். தழும்பு மங்கியிருந்தது. இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தாலோ, தடித்தாலோ, சிவந்து புண்ணானாலோ சதைப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். நிகோடின் சூயிங்கம் கடையில் கிடைக்கும், ஆனால் 18 வயதுக்குக் கீழே மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நேரில் வர வெட்கப்படுகிற வீடுகளுக்குப் புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356 இருக்கிறது. அதை எழுதிக் கொடுக்கும்போது அம்மா கையில் ஒன்று, பையன் கையில் ஒன்று என்று தனித்தனியாகக் கொடுக்கிறேன்.