ஒரு பக்கச் சுருக்கம்

எங்கள் தருமபுரி வக்கீல் ஆபீசுக்கு வந்த ஒரு பெண்ணின் விவாகரத்துத் தீர்ப்பாணை ஆங்கிலத்தில் இருந்தது. அதோடு இணைந்த சமரச நிபந்தனைகளைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொன்னார் சீனியர். பையன் அம்மாவிடம். மாதத்தில் 2ஆம், 4ஆம் சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 5 வரை அப்பாவிடம். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் ஒப்படைப்பு. கோடை விடுமுறையில் பாதி அவரோடு. இருவர் பெயரிலும் உள்ள வீட்டில் தன் பாதியை இவருக்கு விட்டுக்கொடுத்து அப்பா 3 மாதத்துக்குள் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும்.

3 மாதம் ஓடிவிட்டது, பத்திரம் வரவில்லை. அந்த அம்மா கேட்டது ஒன்றைத்தான்:

"பத்திரம் எழுதித் தர்ற வரைக்கும் பையன அனுப்ப மாட்டேன்னு சொல்லலாம்ல அண்ணா?"

நிபந்தனைகளை மறுபடி படித்தேன். பையனைக் காட்டுவது ஒரு பத்தி, வீடு வேறு பத்தி. ஒன்று நடந்தால்தான் மற்றது என்று எங்கும் இல்லை. "இரண்டும் தனித்தனி, ஒன்றுக்காக மற்றதை நிறுத்த முடியாது" என்று சுருக்கத்தின் கடைசியில் எழுதியிருந்தேன். அதைக் காட்டினேன்.

"அந்த வரிய மட்டும் எடுத்துருங்க. எங்க அண்ணன் படிச்சா என்னையத்தான் திட்டும்."

எடுக்கவில்லை.

தீர்ப்பாணையில் அந்த வாக்கியம் அப்படியே இல்லை என்பது உண்மை. அதனால் அது சுருக்கமா, என் ஆலோசனையா என்ற கேள்வி இன்னும் உறுத்துகிறது. ஆனால் அந்த வரியை விட்டுவிட்டு, அந்த அம்மா பையனை அனுப்பாமல் இருந்தால் எதிர்த் தரப்பு ஒரு மனு போடும். இந்து திருமணச் சட்டம் 26ஆம் பிரிவில் குழந்தை பற்றிய உத்தரவைத் தீர்ப்புக்குப் பிறகும் மாற்றலாம். வீட்டுக்காக ஆரம்பித்த சண்டை பையன் விஷயத்தில் போய் நிற்கும்.

வீட்டுக்கு வழி இருக்கிறது. தீர்ப்பாணையை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போட்டால், கணவராக இருந்தவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 21, விதி 34-இன்படி நீதிமன்றமே அவர் சார்பில் பத்திரத்தை எழுதிக் கொடுக்கும். அதைப் பதிவு செய்த பிறகுதான் வில்லங்கச் சான்றில் ஏறும். பட்டா மாற்றக் கேட்கலாம். இதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா காதில் "இன்னும் அலையணும்" என்பது மட்டும்தான் விழுந்தது.

"நீங்க சொல்றது சரிதான். ஆனா அவரு கையில என்ன இருக்கு, என் கையில என்ன இருக்குன்னு பாருங்க. என் கையில பையன்தான் இருக்கான்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சீனியரிடம் சொன்னபோது "கட்சிக்காரருக்குப் பிடிக்காததையும் எழுதத்தான் வேணும்" என்று முடித்துக்கொண்டார். அவருக்குச் சுலபம், எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். அந்த வரியைத் தாளில் போடாமல் வாய் வார்த்தையாகச் சொல்லியிருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். வாயால் சொன்னதை நிறைவேற்று மனுவுக்கு வரும்போது அவர் மறந்திருப்பார் என்று உடனே தோன்றும். மனு தாக்கலாகிவிட்டது. சனிக்கிழமைகளில் பையனை அனுப்புகிறாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.